கருப்பட்டி என்றொரு காக்கா

தாமிரபரணிக் கரையில் கல்லிடைக்குறிச்சி என்று ஓர் ஊர் இருக்கிறது, செல்லம். நல்ல வெயில் அடித்தால் போதும், அந்த ஊரில் மாடிக்கு மாடி அப்பளம் காயும். வட்ட வட்டமாக, வெள்ளை வெள்ளையாக. அப்பளம் காயும் ஊரில் காக்காய்க்குக் குறைச்சலா என்ன? தெருவுக்குத் தெரு காக்காதான்.

அங்கே ஒரு தெருமுனையில் ஒரு வேப்பமரம். அதன் உச்சிக் கிளையில் ஒரு கூடு. சுள்ளி, தேங்காய் நார், துடைப்பக் குச்சி, எங்கிருந்தோ தூக்கி வந்த இரண்டு துண்டுக் கம்பி, எல்லாம் வைத்து அம்மா காக்காவும் அப்பா காக்காவும் கட்டிய கூடு. அதில்தான் நம்ம கருப்பட்டி பிறந்தான். உடம்பெல்லாம் பளபளவென்று கறுப்பு, கழுத்து மட்டும் சாம்பல் நிறம்.

அந்தக் கூட்டில் கடைசியாக முட்டையை உடைத்து வெளியே வந்தவன் அவன்தான். அவனுக்கு முன்னாலேயே அண்ணன் வந்துவிட்டான், அக்கா வந்துவிட்டாள். இவர்கள் எல்லாருக்கும் முன்னால் ஒரு குயில் குஞ்சு வேறு வந்து உட்கார்ந்திருந்தது. காக்கா கூட்டில் குயிலுக்கு என்ன வேலை என்று கேட்கிறாயா? அது பெரிய கதை, இன்னொரு நாள் சொல்கிறேன். அம்மா காக்கா இரையோடு வந்து உட்கார்ந்ததும் எல்லாக் குஞ்சும் வாயைத் திறக்கும். குயில் குஞ்சின் வாய் முதலில் நிற்கும். அப்புறம் அண்ணன் வாய். அப்புறம் அக்கா வாய். கருப்பட்டியின் குட்டி வாய் கடைசியில். பல நாள் அவன் வாய்க்கு வரும்போது அம்மாவிடம் ஒன்றுமே மிஞ்சியிருக்காது.

அதனால் கருப்பட்டிக்கு ஒரு பயம் வந்துவிட்டது. 'நாளைக்கு இல்லாமப் போயிட்டா?' சிறகு முளைத்துப் பறக்க ஆரம்பித்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை.

வேப்பமரத்துக்கு எதிரே ஓர் ஓட்டு வீடு. அதில் ஓர் ஆச்சியும் அவள் பேத்தி வள்ளியும் இருந்தார்கள். ஆச்சி தினமும் மத்தியானம் சோறு வடித்ததும், வாழை இலைத் துண்டில் ஒரு பிடி சோறும் பருப்பும் வைத்து, நெய் ஒரு சொட்டு விட்டு, மதில் மேல் வைப்பாள். காக்காய்க்கு வைக்காமல் அந்த வீட்டில் யாரும் சாப்பிட உட்கார மாட்டார்கள். வைத்துவிட்டு ஆச்சி கூப்பிடுவாள். எப்படி?

"கா... கா... கா..."

எங்கே, நீயும் ஒரு தடவை கூப்பிடு பார்ப்போம். ஆ, அப்படித்தான்!

காக்காக்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சோற்றை முதலில் பார்க்கிற காக்கா ஒரு குரல் கொடுக்கும். "கா! கா! இங்கே இருக்கு, வாங்க!" உடனே நாலு பக்கமிருந்தும் மற்ற காக்காக்கள் பறந்து வரும். கருப்பட்டி மட்டும் குரலே கொடுக்க மாட்டான். ஆச்சி அடுக்களையில் கரண்டியை எடுக்கும் சத்தம் கேட்டாலே போதும், துணிக்கொடியில் வந்து சத்தம் போடாமல் உட்கார்ந்துகொள்வான். ஆச்சி உள்ளே போனதும் மதிலுக்குத் தாவுவான்.

ஒரு கொத்து கொத்துவான். திரும்பிப் பார்ப்பான். ஏன் தெரியுமா? மதிலுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கடுவன் பூனை சுற்றிக்கொண்டிருக்கும். லபக்! திரும்பிப் பார்ப்பான். லபக்! திரும்பிப் பார்ப்பான். ஒரு வாய்கூட நிம்மதியாகத் தின்றதில்லை.

வயிறு நிறைந்த பிறகும் விடமாட்டான். மிச்சச் சோற்றைத் தொண்டைக்குள் அடைத்துக்கொண்டு போய், ஓட்டு இடுக்கில் கொஞ்சம், தென்னை மட்டைச் சந்தில் கொஞ்சம், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் கொஞ்சம் என்று ஒளித்து வைப்பான். மேலே ஒரு சருகைப் போட்டு மூடுவான். மற்ற காக்காக்கள் வரும்போது வெறும் இலைதான் மதிலில் கிடக்கும்.

"ஏலே கருப்பட்டி, இன்னைக்கும் ஒண்ணும் வைக்கலியா ஆச்சி?" என்று கேட்பார் கோணமூக்குத் தாத்தா. அந்தத் தெருவிலேயே வயசான காக்கா அவர்தான். அவர் அலகு நுனி கொஞ்சம் வளைந்திருக்கும்.

கருப்பட்டி வாயைத் திறக்க மாட்டான். திறந்தால் சோறு கீழே விழுந்துவிடுமே!

இப்படியே நாள் போனது. ஐப்பசி மாதம் வந்தது. ஒரு நாள் காலையில் ஆச்சியும் வள்ளியும் பெரிய பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டு, தென்காசிக்குக் கல்யாணத்துக்குப் போனார்கள். அன்றைக்குச் சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. சடசடவென்று மழை. மறுநாளும் மழை. அதற்கு மறுநாளும் மழை. தெருவில் ஒரு கடை திறக்கவில்லை, மாடியில் ஓர் அப்பளம் காயவில்லை.

கருப்பட்டி முதலில் கவலையே படவில்லை. 'நான்தான் நிறைய ஒளிச்சு வெச்சிருக்கேனே!'

ஓட்டு இடுக்குக்குப் போய்ப் பார்த்தான். சோறு தண்ணீரில் ஊறிப் புளித்து நாறியது. சீ! தென்னை மட்டைக்குப் போனான். அங்கே எறும்புகள் வரிசையாக வந்து, ஒவ்வொரு பருக்கையாகத் தூக்கிக்கொண்டு போய், சந்தைக் காலி செய்திருந்தன. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் வைத்ததை அணில் தின்றுவிட்டது. இன்னொரு இடத்தில் ஒரு வடைத் துண்டு வைத்திருந்தான், நல்ல மெதுவடை. எங்கே வைத்தோம் என்பதுதான் மறந்துபோய்விட்டது. தேடினான், தேடினான், அலகு வலிக்கத் தேடினான். கிடைக்கவில்லை.

நனைந்துபோய் வேப்பமரத்துக் கிளையில் வந்து உட்கார்ந்தான். சிறகிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். வயிறு 'குர்ர்' என்றது. யாரையாவது போய்க் கேட்கலாமா என்று நினைத்தான். எந்த முகத்தோடு கேட்பது?

அப்போது ரயில்வே ஸ்டேஷன் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"கா! கா! கா!"

கோணமூக்குத் தாத்தாவின் குரல்! ஸ்டேஷன் பக்கத்து டீக்கடைக்காரர், மழையில் விற்காமல் போன இட்லிகளைக் கொட்டகைத் திண்ணையில் உதிர்த்துப் போட்டிருந்தார். தாத்தா பார்த்துவிட்டார். பார்த்ததும் அலகை வைக்கவில்லை, முதலில் கூப்பிட்டார். மழையோடு மழையாக எல்லாக் காக்காக்களும் பறந்தன. மைக்கண்ணி என்ற குட்டிக் காக்கா எல்லாருக்கும் முன்னால் போய் இறங்கினாள்.

கருப்பட்டியும் போனான். ஆனால் கிட்டே போகவில்லை. திண்ணையின் ஓரத்தில், தண்ணீர் ஒழுகுகிற இடத்தில், தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"ஏலே, ஏன் அங்கன நிக்க? இங்க வா," என்றார் தாத்தா.

"தாத்தா... நான் ஒரு நாளும் உங்களைக் கூப்பிட்டதில்லையே."

"அதைப் பத்தி இப்ப யாரு கேட்டா? உனக்குப் பசிக்கா, இல்லையா?"

"பசிக்கு, தாத்தா."

"அப்பத் தின்னு. பேச்சை அப்புறம் வச்சுக்கலாம்."

தாத்தா ஓர் இட்லித் துண்டைக் கொத்தி அவன் முன்னால் தள்ளினார். காய்ந்துபோன இட்லிதான். மைக்கண்ணி, "தண்ணியில முக்கித் தின்னு, மெத்துன்னு இருக்கும்," என்று சொல்லிக் கொடுத்தாள். கருப்பட்டி பக்கத்தில் தேங்கிக் கிடந்த மழைத் தண்ணீரில் முக்கினான். தின்றான். இட்லி இவ்வளவு ருசியாக இருக்கும் என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நாலாம் நாள் வெயில் வந்தது. ரயிலும் வந்தது. ரயிலிலிருந்து ஆச்சியும் வள்ளியும் இறங்கினார்கள்!

அன்றைக்கு மத்தியானம் ஆச்சி மதிலில் சோறு வைத்தாள். பருப்பு, நெய், அதோடு பொரித்த அப்பளம் ஒன்று. "கா... கா... கா..." என்று கூப்பிட்டுவிட்டு உள்ளே போனாள். கருப்பட்டி வழக்கம்போலத் துணிக்கொடியில் தயாராக இருந்தான். மதிலுக்குத் தாவினான். சூடான சோற்று வாசனை. பழைய பயம் மெல்ல எட்டிப் பார்த்தது. 'நாளைக்கு இல்லாமப் போயிட்டா?'

ஒரே ஒரு வாய் தின்றுவிட்டுக் கூப்பிடலாமா? இரண்டு வாய்? அலகு சோற்றுக்குக் கிட்டே போய்விட்டது.

அப்போது மழையில் கேட்ட தாத்தாவின் குரல் ஞாபகம் வந்தது. கருப்பட்டி தலையை நிமிர்த்தி வாயைத் திறந்தான். பழக்கமில்லாத தொண்டை அல்லவா, சத்தம் சரியாக வரவில்லை.

"க்... க்கா..."

இன்னொரு தடவை முயற்சி செய்தான். "க்கா..."

எங்கே, நீ கொஞ்சம் அவனுக்கு உதவி செய். "கா! கா! கா!"

ஆங், இப்போது வந்துவிட்டது! "கா! கா! கா! எல்லாரும் வாங்க! சுடுசோறு!"

வள்ளி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "ஆச்சி, ஆச்சி! இந்த ஊமைக் காக்கா பேசுது!"

முதலில் யாரும் நம்பவில்லை. "கருப்பட்டியா கூப்பிடுதான்?" என்று கிளைக்குக் கிளை கேட்டுக்கொண்டார்கள். கோணமூக்குத் தாத்தாதான் முதலில் இறங்கி வந்தார். அப்புறம் மைக்கண்ணி. அப்புறம் அண்ணன், அக்கா, பக்கத்துத் தெருக் காக்காக்கள் எல்லாரும். மதில் முழுக்கக் கறுப்பு!

எல்லாரும் கொத்த ஆரம்பித்தார்கள். கருப்பட்டியும் கொத்தினான். வழக்கம்போலத் திரும்பிப் பார்க்கப் போனான். அதற்குள் மதில் மூலையில் நின்ற மைக்கண்ணி, "கா! பூனை! பூனை!" என்று கத்தினாள். வெள்ளைக் கடுவன் பதுங்கிப் பதுங்கி வந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான், எல்லாக் காக்காவும் சேர்ந்து எழும்பின. கத்திக்கொண்டே பூனையின் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிப் பறந்தன. தாத்தா அதன் வால் நுனியில் ஒரு கொத்து வைத்தார். கடுவன் 'மியாவ்' என்று அலறி, பின்கட்டு வழியாக ஓடியே போய்விட்டது!

காக்காக்கள் திரும்பி வந்து உட்கார்ந்தன. ஒருவர் தின்னும்போது இன்னொருவர் காவல் பார்த்தார். கருப்பட்டி ஒரு வாய் தின்றான். இன்னொரு வாய் தின்றான். திரும்பிப் பார்க்காமலே தின்றான். சோறு கொஞ்சம்தான் கிடைத்தது, ஆனால் அத்தனையும் நிம்மதியாக உள்ளே போனது.

கடைசியில் அப்பளம் மட்டும் மிஞ்சியது. ஒரே ஓர் அப்பளம். எல்லாரும் அதையே பார்த்தார்கள். கருப்பட்டி அதைக் காலால் அமுக்கி, அலகால் ஒரு போடு போட்டான். நொறுக்! பெரிய துண்டை மைக்கண்ணி பக்கம் தள்ளினான். அடுத்ததைத் தாத்தாவுக்கு. கொஞ்சம் யோசித்துவிட்டு, "மைக்கண்ணி, அதுல ஒரு ஓரம் மட்டும் எனக்குத் தாயேன்," என்றான். அவள் சிரித்துக்கொண்டே உடைத்துக் கொடுத்தாள்.

உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி சொன்னாள், "ஏட்டி வள்ளி, இன்னைக்கு வந்த கூட்டத்தைப் பாத்தியா? ஒரு பிடி சோறு எந்த மூலைக்கு?"

மறுநாள் உலை வைக்கும்போது, ஆச்சி ஒரு கை அரிசி கூடவே போட்டாள்.