பாதிப் பலகை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ரயிலை விட்டு இறங்கியபோது என் போனில் ஒரே ஒரு படம்தான் இருந்தது. போன வருடம் சித்தி மகன் ஓடும் காரிலிருந்து எடுத்தது. தாத்தா பால்மரம் சீவிய தோட்டத்தின் வாசல் பலகை. கீழ்ப்பாதியைச் செடி மறைத்திருந்தது. தெரிந்ததெல்லாம் 'டிலாராங் மாசோக்'. மலாய் மொழி. அர்த்தம் தேடினேன்: 'நுழையத் தடை.'

அவ்வளவுதான், மனசு விட்டுப்போனது. 1948 ஜூனில் இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்டு அவசரகாலம் வந்த கதையைத் தாத்தா சொல்லிச் சொல்லி, எனக்குத் தோட்டம் என்றாலே காவலும் முள்வேலியும்தான். திரும்பிப் போகும் ரயிலுக்கு நேரம் பார்த்துக்கொண்டு ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தேன்.

தே தாரிக் கொண்டு வந்த அக்கா படத்தை எட்டிப் பார்த்தார்.

"கீழ இன்னொரு வரி இருக்குமே தம்பி. முழுசா படிச்சீங்களா?"

"செடி மறைக்குதுக்கா."

"செடியத் தள்ளிட்டுப் பாருங்க. மெட்ராஸ்லேர்ந்து இவ்ளோ தூரம் வந்துட்டு!"

நான் திருநெல்வேலி. திருத்தவில்லை.

இரண்டு கிலோமீட்டர் நடை. இரு பக்கமும் செம்பனைதான். பால்மரம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. பலகை வந்தது. செடியை ஒதுக்கினேன். 'தன்பா கெபெனாரான்.' நின்ற இடத்திலேயே அகராதியைத் திறந்தேன். 'தன்பா' என்றால் இல்லாமல். 'கெபெனாரான்' என்றால் உண்மை. உண்மை இல்லாமல் நுழையாதே! எந்தச் சித்தர் எழுதி வைத்த பலகையப்பா இது என்று சிரிப்பு வந்தது. ஆனால் காலையில் ஒரு தடவை ஏமாந்தவன் என்பதால் விரலைக் கீழே தள்ளினேன். அதே சொல்லுக்கு இரண்டாவது அர்த்தம்: அனுமதி.

அனுமதி இல்லாமல் நுழையாதே. சரி, கேட்டால் போச்சு!

காவல் கூண்டில் இருந்த ஜாகா நம்மாள்தான். தாத்தா பேரைச் சொன்னேன். யாருக்கோ போன் போட்டார். என் பாஸ்போர்ட் எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டு, "பழைய லயத்து வீடுங்க ரெண்டு வரிச இன்னும் நிக்குது, அண்ணே. வாங்க," என்று மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார்.

செம்மண் பாதை பிரியும் இடத்தில் இன்னொரு பலகை: 'ஜாலான் மாத்தி.' ஜாலான் என்றால் சாலை, எனக்கே தெரியும். மாத்தி என்றால் சாவு, அதுவும் தெரியும். வயிற்றில் புளி கரைத்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, பலகையைக் கம்போடு சேர்த்து முழுசாகப் படம் எடுத்தேன். பின்பக்கம்கூடப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

"இதுக்கு என்ன அர்த்தம்ணே?"

ஜாகா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"முட்டுச்சந்து. அதுக்கு மேல ரோடு கெடையாது. லயம் அங்கதான இருக்கு!"