தொட்டி நீர்மட்ட உணரி: வெளியீட்டு மைல்கல் அட்டவணை (ஜூன் 1 – அக்டோபர் 20, 2026)

வெளியீட்டு நாள்: அக்டோபர் 20, செவ்வாய். அன்று 3,000 உணரிகள், பஃபர் கரைந்து முதல் தொகுதியைக் குறைத்தால் 1,200, கிடங்கில் இருக்க வேண்டும், ஆப் இரண்டு ஸ்டோர்களிலும் இறக்கிக்கொள்ளக் கிடைக்க வேண்டும், உதவி மைய எண்ணை எடுத்துப் பேச ஆள் இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வெளியீடு இல்லை.

வாரத்துக்கு 5 வேலை நாள் என்று கணக்கு. மோல்டு பட்டறையும் அசெம்பிளி ஆலையும் தந்த விடுமுறைப் பட்டியலில் இந்தக் காலத்துக்குள் 3 நாள் வருகிறது. அந்தந்த வாரத்துச் சனிக்கிழமையில் ஈடுகட்டுவதாக இருவரும் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதனால் கீழேயுள்ள தேதிகளில் விடுமுறையைத் தனியாகக் கழிக்கவில்லை.

முதன்மைச் சங்கிலி

வெளியீட்டுத் தேதியைத் தீர்மானிப்பது இந்த ஏழு வேலைகள்தான். ஒன்று முடியாமல் அடுத்தது தொடங்காது. ஒவ்வொரு வேலைக்கும் பொறுப்பாளர் ஒரே ஒருவர். அவர் கீழ் எத்தனை பேர் வேலை செய்தாலும் தேதிக்குப் பதில் சொல்பவர் அவரே.

| எண் | மைல்கல் | பொறுப்பாளர் | எது முடிந்த பின் | காலம் | நாள் | மோசமானால் |
|---|---|---|---|---|---|---|
| 1 | தேவைப் பட்டியல் உறைவு, பட்ஜெட் கையெழுத்து | தயாரிப்பு மேலாளர் | – | ஜூன் 1–5 | 5 | 8 |
| 2 | உறை வரைபடம் மோல்டு பட்டறைக்கு | இயந்திரவியல் பொறியாளர் | 1 | ஜூன் 8–12 | 5 | 7 |
| 3 | மோல்டு வெட்டி முதல் சாம்பிள் | கொள்முதல் அலுவலர் | 2, முன்பணம் | ஜூன் 15–ஜூலை 24 | 30 | 36 |
| 4 | மோல்டு திருத்தம், இரண்டாம் சாம்பிள் ஒப்புதல் | இயந்திரவியல் பொறியாளர் | 3 | ஜூலை 27–ஆகஸ்ட் 14 | 15 | 25 |
| 5 | ரேடியோ சோதனை, ஐபி67, சான்றிதழ் | தர மேலாளர் | 4, ஃபெர்ம்வேர் உறைவு | ஆகஸ்ட் 17–செப்டம்பர் 4 | 15 | 22 |
| 6 | 3,000 உணரி உற்பத்தி | உற்பத்தி மேலாளர் | 5, முன்னோட்டத் தொகுதி, பாகங்கள், பெட்டிகள் | செப்டம்பர் 7–18 | 10 | 14 |
| 7 | கிடங்குக்கு அனுப்புதல் | சரக்கு ஒருங்கிணைப்பாளர் | 6 | செப்டம்பர் 21–25 | 5 | 8 |
| – | பஃபர் | திட்ட மேலாளர் | 7 | செப்டம்பர் 28–அக்டோபர் 16 | 15 | – |

அக்டோபர் 19 திங்கள் இறுதிச் சரிபார்ப்பு மட்டும்.

பஃபர் 15 நாள் எப்படி வந்தது

"நாள்" என்ற பத்தியில் இருப்பது எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஆகும் காலம். யாரும் அதில் "எதற்கும் இரண்டு நாள்" என்று ஒளித்துச் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் வெளியே எடுத்தாயிற்று. மோசமானால் ஆகும் காலத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் வரிசையாக 3, 2, 6, 10, 7, 4, 3. அப்படியே கூட்டினால் 35. ஆனால் ஏழும் ஒருசேர மோசமாவது அரிது. எனவே ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டி (9 + 4 + 36 + 100 + 49 + 16 + 9 = 223) வர்க்கமூலம் எடுத்தோம்: 14.9. அதுவே 15 நாள். 85 நாள் வேலைக்கு இது ஏறக்குறைய 18 சதவீதம்.

பஃபர் மொத்தமும் கடைசியில் ஒரே இடத்தில் இருக்கிறது. வேலைக்கு வேலை பிரித்துக் கொடுத்தால் கிடைத்தவர் அதைச் செலவழித்துவிடுவார், முன்னதாக முடித்தவரும் சொல்ல மாட்டார். வேலை முன்னதாக முடிந்தால் அன்றே அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும், மிச்சப்பட்ட நாள் பஃபரில் சேரும்.

மைல்கல் 4: அதிகம் சறுக்கும் இடம்

முதல் சாம்பிள் சரியாக வரும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். தடித்த பகுதியில் குழிவு, விளிம்பில் பிசிறு, மூடியில் வளைவு, இவற்றில் ஒன்றாவது இருக்கும். 15 நாளில் அளவெடுக்க 3, மோல்டு திருத்த 9, மறுபடி வார்த்து அளவெடுக்க 3.

நமக்கு முக்கியம் மூடியின் ரப்பர் வளையம் உட்காரும் பள்ளம். வளையத்தின் தடிமன் 2.5 மி.மீ.; கால்பங்கு நசுங்கினால் நீர் புகாது, அதாவது பள்ளத்தின் ஆழம் 1.85–1.9 மி.மீ. ஆனால் வரைபடத்தில் 2.0 மி.மீ. என்று வேண்டுமென்றே ஆழம் கூட்டிக் கொடுத்திருக்கிறோம். உறையில் பள்ளமாக இருப்பது மோல்டில் மேடு. மேட்டைச் செதுக்கிக் குறைப்பது ஒரு நாள் வேலை. உயர்த்த வேண்டுமென்றால் வெல்டிங் வைத்து மறுபடி வெட்ட வேண்டும், ஒரு வாரம் போய்விடும். வரைபடத்தைப் பார்க்கிறவர் யாரும் இதைப் பிழை என்று நினைத்துத் திருத்திவிட வேண்டாம்.

வெளிப்பரப்பின் சொரசொரப்பு இரண்டாம் சாம்பிளுக்குத்தான் ஏறும். அதற்கு முன் விளம்பரப் படம் எடுத்தால் பளபளப்பான உறை படத்திலும் சொரசொரப்பான உறை பெட்டியிலும் இருக்கும். படப்பிடிப்பு ஆகஸ்ட் 18–19, பொறுப்பு சந்தைப்படுத்தல் மேலாளர்.

பக்கச் சங்கிலிகள்

இவை முதன்மைச் சங்கிலியில் வந்து சேரும் வேலைகள். ஒவ்வொன்றும் சேரும் இடத்தில் சிறிய பஃபர் ஒன்று வைத்திருக்கிறோம். இவற்றில் ஒன்று தாமதித்தால் முதலில் அந்தச் சிறு பஃபர்தான் கரைய வேண்டும்.

*பாகங்கள் (கொள்முதல் அலுவலர்).* புளூடூத் மாட்யூல் வர 12 வாரம். ஜூன் 8 ஆர்டர், ஆகஸ்ட் 31 வரவு, உற்பத்திக்கு முன் 5 நாள் பஃபர். மற்ற பாகங்கள் 6 வாரத்துக்குள் வந்துவிடும். சர்க்யூட் போர்டு முழுதாகச் சோதிக்கப்படும் முன்பே இந்த ஆர்டர் போகிறது, ரத்து செய்ய முடியாது. தெரிந்தேதான் எடுக்கிறோம், சோதனை முடியட்டும் என்று காத்தால் வெளியீடு டிசம்பருக்குப் போகும். முன்னோட்டத் தொகுதிக்கும் சோதனைகளுக்கும் 100 மாட்யூல் விநியோகஸ்தரின் கையிருப்பிலிருந்து தனியாக. லித்தியம் பேட்டரிக்கு யுஎன் 38.3 சோதனைச் சுருக்கம் ஜூலை 31-க்குள் கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் சரக்கு நிறுவனம் பெட்டியைத் தொடாது. உற்பத்தி முடிந்த பிறகு தேடுகிற காகிதம் அல்ல அது.

*ஃபெர்ம்வேர் (ஃபெர்ம்வேர் பொறியாளர்).* அம்சங்கள் முழுமை ஜூலை 10. ரேடியோ தொடர்பான பகுதி ஆகஸ்ட் 14 உறைவு. அதற்குப் பிறகு ஒலிபரப்புத் திறனையோ அலைவரிசையையோ தொட்டால் ஆய்வகச் சோதனையை மறுபடி நடத்த வேண்டியிருக்கும். ஆலைக்கான கோப்பு செப்டம்பர் 3. அதில் வேறு குறை இருக்கலாம், ஆனால் காற்றுவழிப் புதுப்பிப்பு பிழையின்றி ஓட வேண்டும். அது ஓடினால் மற்றவற்றை விற்ற பிறகும் திருத்தலாம்.

*களச்சோதனை (தர மேலாளர்).* இரண்டு சுற்று. ஜூலை 6 முதல் 20 போர்டுகளைக் கடையில் கிடைக்கும் உறைகளில் அடைத்துத் தொட்டிகளில் மாட்டுகிறோம். உணரி முகத்தில் படியும் ஈரத்துளியும், தொட்டி நிரம்பித் தண்ணீர் 25 செ.மீ.-க்குள் வரும்போது தாறுமாறாகும் அளவீடும் இங்கேயே வெளிப்பட வேண்டும். இரண்டாம் சுற்று முன்னோட்டத் தொகுதியில் 30 உணரிகளுடன் ஆகஸ்ட் 31–செப்டம்பர் 18. உற்பத்தி செப்டம்பர் 7-ல் தொடங்குவதால் அப்போது ஒரு வார முடிவுதான் கையில் இருக்கும். நீர்க்கசிவு, பேட்டரி இணைப்பு போன்ற வன்பொருள் குறைகள் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்; மீதி ஃபெர்ம்வேரில் திருத்தத்தக்கவை. இந்த நியாயத்தில்தான் ஒன்றன்மேல் ஒன்று வர விட்டிருக்கிறோம்.

*முன்னோட்டத் தொகுதி (உற்பத்தி மேலாளர்).* 50 உணரி, ஆகஸ்ட் 24–28, உற்பத்தி நடக்கப்போகும் அதே வரிசையில், அதே ஆள்களுடன். ஆலை சொன்ன நாளுக்கு 300 என்ற வேகம் இங்கேதான் சோதிக்கப்படுகிறது.

*ஆப் (ஆப் குழுத் தலைவர்).* நிறுவனக் கணக்கு திறக்க டன்ஸ் எண் வேண்டும், அது வர 30 நாள் வரை ஆகலாம். ஜூன் 8 விண்ணப்பம், ஜூலை 17-க்குள் கணக்கு. அம்சங்கள் முழுமை ஆகஸ்ட் 21, ஸ்டோருக்குச் சமர்ப்பிப்பு செப்டம்பர் 21. பரிசீலிப்பவரிடம் நம் உணரி இருக்காது. உணரி இணைவதைக் காட்டும் வீடியோவும், உணரி இல்லாமலே திறக்கும் மாதிரிப் பயன்முறையும் கூடவே போக வேண்டும். இல்லையென்றால் திருப்பி அனுப்புவார்கள். ஒப்புதல் வந்ததும் தானாக வெளியாகாமல், நாமே வெளியிடும் முறையில் நிறுத்தி வைக்க வேண்டும்.

*பெட்டி (சந்தைப்படுத்தல் மேலாளர்).* பார்கோடு எண் விண்ணப்பம் ஜூலை 6, வடிவமைப்பு இறுதி ஆகஸ்ட் 14, அச்சு 10 நாள், வரவு செப்டம்பர் 1, பஃபர் 3 நாள். இதில் ஒரு சிக்கல் இருந்தது: சான்றிதழ் எண் செப்டம்பர் 4-ல்தான் தெரியும், பெட்டி அதற்கு முன்பே அச்சாகிறது. ஆகவே எண் பெட்டியில் வராது. உணரியின் பின்புற ஸ்டிக்கரில் வரும். ஸ்டிக்கர் அச்சுக்கு 2 நாள், முதல் இரண்டு நாள் உற்பத்தியை ஸ்டிக்கர் இல்லாமல் ஓட்டி, செப்டம்பர் 8 மாலை வந்ததும் ஒட்டிக்கொள்ளலாம்.

*உதவி மையம் (வாடிக்கையாளர் சேவை மேலாளர்).* பயிற்சி அக்டோபர் 5–7. மாற்றித் தர 60 உணரி ஒதுக்கீடு.

ஆய்வக இடத்தை ஜூலை 3-க்குள் தர மேலாளர் பதிவு செய்ய வேண்டும். ஆகஸ்ட் 17-க்கு ஒன்று, செப்டம்பர் 2-க்கு மாற்றாக இன்னொன்று. மாற்று இடத்தின் முன்பணம் போனாலும் போகட்டும்.

பஃபர் செலவைப் பார்க்கும் முறை

வெள்ளி மாலை 4 மணிக்கு ஒவ்வொரு பொறுப்பாளரும் திட்ட மேலாளரிடம் ஒரே எண் சொல்ல வேண்டும்: இன்னும் எத்தனை நாள் வேலை இருக்கிறது. "எண்பது சதவீதம் முடிந்தது" என்ற பதில் செல்லாது.

சங்கிலியில் முடிந்த சதவீதத்தையும் பஃபரில் கரைந்த சதவீதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். மோல்டு ஜூலை 31-ல் வந்தால் பஃபரில் 5 நாள் போயிருக்கும்: 33 சதவீதம், வேலையோ 47 சதவீதம் முடிந்திருக்கும். கவலையில்லை. அதன் பின் மூன்றாம் சாம்பிள் தேவைப்பட்டு இன்னும் 7 நாள் போனால் கரைந்தது 12: பஃபரில் 80 சதவீதம், வேலையில் 65. அன்றே நடவடிக்கை எடுக்க வேண்டும், வெள்ளிக்காகக் காத்திருக்கக் கூடாது.

அந்த நிலையில் எடுக்க வேண்டியவை, இதே வரிசையில்: ஆய்வகத்தில் மாற்று இடத்துக்கு நகர்வது, முதல் தொகுதியை 1,200 ஆகக் குறைத்து 4 நாளில் முடித்து அனுப்புவது, இதில் 6 நாள் மிச்சம், மீதி 1,800 பின்னால் வரும். ஐபி67 சோதனையைச் சுருக்குவது பட்டியலில் இல்லை. ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் என்பது தொட்டியில் வாழப்போகிற பொருளுக்குக் குறைந்தபட்சம்.

வெளியீட்டுத் தேதியை செப்டம்பர் 28-க்கு முன் வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது. விற்பனையாளர்களிடம் "அக்டோபர்" என்று மட்டும். 28 காலை சரக்கு கிடங்கில் எண்ணப்பட்டு, ஆப் ஒப்புதலும் வந்திருந்தால் சந்தைப்படுத்தல் மேலாளர் தேதி அறிவிப்பு அனுப்பலாம். சரக்கு வரவில்லையென்றால் தேதி அறிவிப்பு வாரம் ஒன்றாகத் தள்ளும். அக்டோபர் 12 தாண்டினால் வெளியீடு நவம்பர் 3-க்கு மாறும், அந்த முடிவு தயாரிப்பு மேலாளருடையது.

அக்டோபர் 19 சரிபார்ப்பில் கிடங்கிலிருந்து எடுக்கும் 10 பெட்டிகளைத் திறந்து, ஸ்டோர் ஒப்புதல் தந்த அதே பதிப்பு ஆப்புடன் இணைத்து, காற்றுவழிப் புதுப்பிப்பை ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். பத்தும் இணைந்தால் ஆப் குழுத் தலைவர் மறுநாள் காலை 8 மணிக்கு வெளியீட்டுப் பொத்தானை அழுத்துவார். ஸ்டோரில் எல்லாருக்கும் தெரிய சில மணி நேரம் ஆகும் என்பதால் வெளியீட்டு அறிவிப்பு மதியம் 2 மணிக்கு.