ஆள் தேவை: கிடங்கு மேற்பார்வையாளர் (பெயிண்ட், பசை, தின்னர் கிடங்கு, ஷிப்ட் வேலை)

இந்த அறிவிப்பு கொஞ்சம் நீளம். பொறுமையாக முழுவதும் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். பாதியிலேயே "இது நமக்கு ஒத்துவராது" என்று தோன்றினால் அதுவும் நல்லதுதான், இரண்டு பக்கமும் நேரம் மிச்சம்.

கிடங்கில் ஏறக்குறைய 2,400 வகைச் சரக்கு, அதை வைக்க ரேக்குகளில் 3,600 பின் இருக்கிறது. பெயிண்ட் டின், பசை, சீலன்ட், தின்னர், பிரஷ், ரோலர் என்று கடைகளுக்கும் கான்ட்ராக்டர்களுக்கும் போகிற சரக்கு. ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து லாரி வரும், இருபத்தைந்து வண்டி வரை வெளியே போகும். மாதக் கடைசி வாரத்தில் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது. இப்போதைய மேற்பார்வையாளர் இங்கேயே இன்வென்ட்ரி பிரிவுக்குப் பதவி உயர்வில் போகிறார். அந்த இடத்துக்குத்தான் ஆள் தேடுகிறோம். முதல் மூன்று வாரம் அவர் உங்களோடு இருப்பார்.

யாருக்குக் கீழே, யாருக்கு மேலே

நீங்கள் கிடங்கு மேலாளரிடம் நேரடியாகப் பதில் சொல்வீர்கள். உங்கள் ஷிப்டில் 22 பேர்: பிக்கிங் ஒன்பது, பேக்கிங் நான்கு, லோடிங் நான்கு, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் மூன்று, கணினிப் பதிவு இரண்டு. பாதிப் பேர் ஐந்து வருடத்துக்கு மேல் இங்கேயே இருப்பவர்கள். எந்த ரேக்கில் எது இருக்கிறது என்று அவர்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும், குறைந்தது முதல் ஆறு மாதத்துக்கு. இதைச் சங்கடமாக நினைக்கிறவருக்கு இந்த இடம் கஷ்டம்.

வேலை என்ன

லாரி வந்ததும் சீல் எண்ணை டெலிவரி சலானோடு ஒத்துப்பார்ப்பது, சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகே ஆளை உள்ளே ஏற்றுவது, எண்ணி இறக்குவது, உடைந்ததையும் ஒழுகுவதையும் தனியே வைத்துப் போட்டோ எடுத்து ஓட்டுநர் முன்னாலேயே குறிப்பெழுதிக் கையெழுத்து வாங்குவது. வண்டி கிளம்பிய பிறகு "மூன்று டின் நசுங்கியிருந்தது" என்று சொன்னால் யாரும் ஏற்றுக்கொள்ளப்போவதில்லை. இறக்கிய சரக்குக்கு அன்றைக்கே ஜி.ஆர்.என் போட்டாக வேண்டும். டாக்கில் ராத்திரி தங்கும் பேலட்தான் மறுநாள் "காணாமல்" போகிறது.

அடுத்தது சரக்கை அதன் பின்னில் ஏற்றுவது. எங்கள் சரக்குக்கு இரண்டு குணம் உண்டு. ஒன்று, காலாவதித் தேதி இருக்கிறது. முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்ற விதி இங்கே போதாது. முதலில் காலாவதியாவதுதான் முதலில் போக வேண்டும், அது சில சமயம் நேற்று வந்த லாட்டாகவும் இருக்கும். இரண்டாவது, நிறம். ஒரே ஷேட் என்றாலும் இரண்டு பேட்சுக்கு இடையே மெல்லிய வித்தியாசம் வரலாம். ஒரே ஆர்டரில் பேட்ச் கலந்து போனால், சுவரில் பாதி அடித்த பிறகுதான் தெரியும். அப்புறம் வருகிற போன் உங்களுக்குத்தான். அதனால் பிக்கிங் சீட்டில் பேட்ச் எண் சரிபார்க்கும் பழக்கத்தைக் காப்பாற்றுவது மேற்பார்வையாளர் வேலையில் பாதி.

ஸ்டாக் எண்ணிக்கை தினமும் நடக்கும். வருடத்துக்கு ஒருமுறை கடையைப் பூட்டி எண்ணுகிற முறை இங்கே இல்லை. அதிகம் நகரும் சரக்கு மாதம் ஒருமுறை, நடுத்தரம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மற்றது ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இது நாளொன்றுக்குச் சுமார் 50 பின் என்று வரும். எண்ணுகிறவருக்குக் கணினியில் இருக்கும் எண்ணைக் காட்டமாட்டோம். காட்டினால் எல்லாரும் அதையே எழுதிவிடுவார்கள், மனித இயல்பு.

தின்னர் தனி அறையில் இருக்கிறது. அங்கே பீடி, தீப்பெட்டி மட்டுமல்ல, போன் சார்ஜர்கூடப் போகக் கூடாது. அறைக் கதவு முன்னால் ஒரு பேலட்டை "அஞ்சு நிமிஷம்தான் சார்" என்று யாராவது வைத்தால், அந்த ஐந்து நிமிஷமும் வைக்கவிடாமல் தடுக்கிறவர் வேண்டும். அவசர வழிக்கும் இதே விதிதான்.

ஒரு மதிய ஷிப்ட் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மாலை நாலரை மணி. இரண்டு டாக்கிலும் வண்டி நிற்கிறது, மூன்றாவது வெளியே ஹாரன் அடிக்கிறது. பிக்கிங் ஆள் ஒருவர் இல்லை. 20 லிட்டர் டின் நாற்பது என்று கணினி சொல்கிறது, ரேக்கில் முப்பத்தாறுதான் இருக்கிறது. விற்பனைப் பிரிவு "கஸ்டமர் வாசலில் நிக்கிறார்" என்கிறது. அந்த நேரத்தில் ரேக்கின் கீழ்த் தூணில் புதுச் சிராய்ப்பு, கொஞ்சம் வளைவுகூட. ஃபோர்க்லிஃப்ட் இடித்திருக்கிறது, யாரும் சொல்லவில்லை. எங்கள் எதிர்பார்ப்பு: அந்த ரேக்கை உடனே காலி செய்து தடுப்புக் கட்டவேண்டும். வண்டி காத்திருக்கட்டும். மற்றதை எல்லாம் அதற்கப்புறம் வரிசைப்படுத்திக்கொள்ளலாம்.

எதை நீங்களே முடிவு செய்யலாம்

ஃபோர்க்லிஃப்டை நிறுத்தலாம். பத்திரமில்லாமல் அடுக்கிய வண்டியைக் கிளம்பாமல் தடுக்கலாம், விற்பனைப் பிரிவுத் தலைவர் போன் செய்தாலும். ஷிப்டுக்குள் யார் எங்கே நிற்பது என்று மாற்றலாம். சீல் உடைந்த லாரியை இறக்காமல் நிறுத்திவைக்கலாம். ஸ்டாக் வித்தியாசத்தைக் கணினியில் திருத்தமட்டும் உங்களால் முடியாது. அதற்குக் காரணம் எழுதி மேலாளரிடம் தரவேண்டும். ஆளை வேலையைவிட்டு எடுப்பதும் உங்கள் கையில் இல்லை. அதிகாரம் இவ்வளவுதான் என்பதை வந்த பிறகு தெரிந்துகொண்டு வருத்தப்பட வேண்டாம் என்பதற்காக எழுதுகிறோம்.

நேரமும் உடம்பும்

காலை ஷிப்ட் 6 முதல் 2 வரை, மதிய ஷிப்ட் 1 முதல் 9 வரை, வாரம் மாறி மாறி. நடுவில் வரும் ஒரு மணி நேரம் அடுத்த ஷிப்டிடம் வேலையை ஒப்படைப்பதற்கு, ஓய்வுக்கு அல்ல. வாரம் ஒரு நாள் விடுப்பு. மாதக் கடைசி மூன்று நாளில் விடுப்பு கிடைப்பது அரிது, கிளம்பவும் ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகும். அந்த நேரத்துக்கு அடுத்த மாதம் ஈடுவிடுப்பு உண்டு, எழுத்தில் உண்டு. ஷிப்டில் பெரும்பகுதி நடையும் நிற்பதும்தான். கண்ணாடி அறையில் உட்கார்ந்து கேமரா பார்க்கிற வேலை இது இல்லை. குளிர்சாதனம் அலுவலகத்தில் மட்டும், கிடங்கில் மின்விசிறிதான். பெயிண்ட் வாடை தலைவலி தரும் உடம்பு என்றால் முன்னாலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

கட்டாயம் வேண்டியவை

சரக்குக் கிடங்கில் குறைந்தது மூன்று வருட அனுபவம், அதில் ஒரு வருடமாவது ஆட்களை நடத்திய அனுபவம். பதவியின் பெயர் முக்கியமில்லை. "சீனியர் பிக்கர்" என்ற பெயரில் ஐந்து பேரை ஓட்டியவரும் விண்ணப்பிக்கலாம்.

பார்கோடு ஸ்கேனரும் ஏதாவது ஒரு ஸ்டாக் சாப்ட்வேரும் கையாண்டிருக்க வேண்டும். எங்களுடையது எது என்பதை வந்து இரண்டு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். விரிதாளில் வடிகட்டவும் கூட்டவும் தெரிந்தால் போதும்.

இரண்டு ஷிப்டிலும் வேலை செய்ய முடிய வேண்டும். "காலை ஷிப்ட் மட்டும்" என்றால் மன்னிக்கவும், அதற்கு வழியில்லை.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் சரியாக ஓட்டுகிறாரா என்று பார்க்கத் தெரிய வேண்டும்: முள் தரையை ஒட்டித் தாழ்ந்திருக்கிறதா, சரக்கு பார்வையை மறைத்தால் பின்பக்கமாக ஓட்டுகிறாரா, யாரையாவது முள்ளில் ஏற்றித் தூக்குகிறாரா. பட்டம் கேட்கவில்லை. எழுதப் படிக்க, கூட்டிக் கழிக்க, ஷிப்ட் அறிக்கையை ஐந்து வரியில் தெளிவாக எழுதத் தெரிந்தால் போதும். ஆண், பெண், வயது என்று எந்த வரையறையும் இல்லை. இரவு 9 மணிக்கு ஷிப்ட் முடிகிற வாரங்களில் வீடுவரை வண்டி ஏற்பாடு எல்லாருக்கும் உண்டு.

தீயணைப்புப் பயிற்சி, அபாயச் சரக்குக் கையாளும் பயிற்சி இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் நாங்களே அனுப்பிவைப்போம்.

யார் விண்ணப்பிக்க வேண்டாம்

கணக்கு இடிக்கும்போது எண்ணை மாற்றி எழுதி ஒத்துப்போக வைப்பவர். ஆட்களைக் கத்தித்தான் வேலை வாங்க முடியும் என்று நம்புகிறவர். தவறை மேலே சொன்னால் தன் பெயர் கெடும் என்று மூடி வைப்பவர். லாரி ஓட்டுநரிடமும் டிரான்ஸ்போர்ட் ஆளிடமும் தீபாவளிக்கு ஒரு பெட்டி வாங்கிக்கொள்வதைச் சாதாரணமாக நினைப்பவர். இவர்களுக்கு வேறு இடத்தில் வேலை கிடைக்கலாம், இங்கே ஒத்துவராது.

சம்பளம்

சம்பள வரம்பை முதல் போன் பேச்சிலேயே நாங்களே சொல்லிவிடுவோம். உங்கள் பழைய சம்பளச் சீட்டைக் கேட்கமாட்டோம். அனுபவத்தைப் பார்த்து அந்த வரம்புக்குள் நிர்ணயிப்போம். ஆறு மாதம் தகுதிகாண் காலம், அந்தக் காலத்திலும் சம்பளம் முழுதாகவே வரும்.

விண்ணப்பிக்கும் முறை

ஒரு பக்கத்துக்குள் அனுபவ விவரம், அதோடு கீழே உள்ள மூன்று கேள்விக்கும் பதில். எழுதி அனுப்பலாம், குரல் பதிவாகவும் அனுப்பலாம். பதில் இல்லாத விண்ணப்பங்களை, அனுபவம் எவ்வளவு இருந்தாலும், திறக்கமாட்டோம். இலக்கணமும் கையெழுத்தும் பார்க்கமாட்டோம், நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறீர்களா என்றுதான் பார்ப்போம்.

1. ஒரு பின்னில் 48 இருப்பதாகக் கணினி சொல்கிறது, கையில் எண்ணினால் 42. வண்டி வெளியே காத்திருக்கிறது, ஆர்டருக்குத் தேவை 45. முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்வீர்கள், எந்த வரிசையில்? அந்த ஆறு எங்கே போயிருக்கலாம் என்று எங்கெல்லாம் தேடுவீர்கள்?

2. உங்கள் ஷிப்டிலேயே வேகமான ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர், எல்லாருக்கும் மூத்தவர், சரக்கை உயரத்தில் தூக்கியபடியே ஓட்டுகிறார். இரண்டுமுறை சொல்லியாகிவிட்டது. மூன்றாவது முறை பார்க்கிறீர்கள், அன்றைக்கு மாதக் கடைசி. என்ன செய்வீர்கள், அவரிடம் என்ன வார்த்தை சொல்வீர்கள்?

3. நீங்கள் வேலை செய்த இடத்தில் கடைசியாகக் கண்டுபிடித்த ஒரு ஸ்டாக் வித்தியாசம் என்ன? எப்படித் தடம் பிடித்தீர்கள்? விடை கிடைக்கவில்லை என்றால் அதையும் எழுதலாம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

கடைசி நாள் இந்த மாதம் 25, மாலை 6 மணி. இந்த அறிவிப்புக்கே பதிலாக அனுப்பினால் போதும். 30-ஆம் தேதிக்குள் எல்லாருக்கும், தேர்வாகாதவர்களுக்கும் சேர்த்து, பதில் வரும். தேர்வானவர்களோடு முதலில் அரை மணி நேரம் போனில் பேசுவோம். பிறகு கிடங்கில் இரண்டு மணி நேரம்: ஒரு மணி நேரம் நீங்கள் தரையில் சுற்றிப் பார்த்து என்ன தப்பு தெரிகிறது என்று சொல்வீர்கள், மீதி நேரம் உங்கள் கேள்விகளுக்கு. அன்றைக்கு மூடிய ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள், செருப்போடு வந்தால் தரைக்குள் விடமுடியாது.