அத்தை மகன் பேரு

ரெண்டு பேரும் பட்டர்வொர்த், பழக்கம் ஆனது ஃபெர்ரியில தான். அவ ஜார்ஜ்டவுன்ல ஒரு கிளினிக்ல நர்ஸ், இவன் லிட்டில் இந்தியாவுல துணிக்கடையில கணக்கு பாக்கிறான். அப்ப பினாங்குத் தீவுக்கு போறதுக்கு மட்டும் தான் காசு, திரும்பி வர இலவசம், அதனால வேலை முடிஞ்சும் அடுத்த ஃபெர்ரி அடுத்த ஃபெர்ரின்னு விட்டுட்டு ஜெட்டியில பேசிக்கிட்டே நிப்பாங்க. தைப்பூசத்துக்கு தண்ணீர்மலையில 513 படியும் ஒண்ணா ஏறினாங்க, என்ன வேண்டினாங்கன்னு ஒருத்தருக்கொருத்தர் கேட்டுக்கல.

அப்புறம் அவ அப்பாவுக்கு ஸ்ட்ரோக். பேச்சு பாதி தான் வரும், அந்தப் பாதியில சுங்கைப்பட்டாணி அத்தை மகன் பேரைச் சொன்னாரு.

இவன் நேர்ல போய் கேட்டான். அம்மா தண்ணி கலக்கி கொடுத்தாங்க, அப்பா சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாரு, யாரும் ஒரு கெட்ட வார்த்தை பேசல. திட்டியிருந்தா சண்டை போட்டிருப்பான், எனக்கு அவனை நல்லா தெரியும்.

கடைசியா மாமாக் கடையில உக்காந்தாங்க. தே தாரிக் ஆறி ஆடை கட்டுச்சு.

"எங்கயாச்சும் போயிரலாமா?"ன்னு இவன் கேட்டான்.

"போயிரலாம். அப்பாவை யாரு திருப்பிப் படுக்க வைப்பா?"

இவன் பதில் சொல்லல, சொல்ல என்ன இருக்கு சொல்லுங்க.

"கல்யாணத்துக்கு வராத."

"வரல."

"நைட்டு பசியோட படுக்காத, கேஸ்ட்ரிக் வந்துரும்."

"சரி. நீ முன்னாடி போ, பஸ்ஸு வந்துருச்சு பாரு."