பாக்கி கொடுக்கும் முன்: 60 விநாடி வீடியோ

பணம் தவறி வந்துவிட்டதாகப் பொய் மெசேஜ் அனுப்பி ஏமாற்றுவதைப் பற்றி, வாட்ஸ்அப் குடும்பக் குழுக்களில் பகிர்வதற்காக. செல்போனை நிமிர்த்திப் பிடித்து எடுக்க வேண்டும். இடம்: கும்பகோணத்தில் ஒரு திண்ணை வீடு, காலை வெளிச்சம். பேசுபவர் எழுபது வயதான, ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னால் போதும். பின்னணி இசை வேண்டவே வேண்டாம். காது மந்தமானவர்களுக்கு இசையோடு கலந்த பேச்சு பிடிபடாது.

0–9 விநாடி

திண்ணையில் பெரியவர். மடியில் பழைய தோல் பை.

பெரியவர்: முப்பது வருஷம் கண்டக்டரா இருந்தேன். காசு கைக்கு வராம யாருக்கும் பாக்கி கொடுத்ததில்ல. போன மாசம் கொடுக்கப் பார்த்தேன்.

9–26 விநாடி

அவர் கையில் போன். இளைஞனின் குரல் மட்டும் கேட்கிறது. அவன் மரியாதையாக, பாசமாகப் பேச வேண்டும். மிரட்டும் குரல் என்றால் நம் ஆட்கள் உஷாராகிவிடுவார்கள்; ஏமாறுவது இந்தக் குரலில்தான்.

குரல்: அப்பா, நான் உங்க பையனோட ஃபிரண்டு. அவனுக்குத் தர வேண்டிய ரெண்டாயிரத்தை உங்க நம்பருக்குப் போடச் சொன்னான்.

(மெசேஜ் வரும் ஒலி. திரையில் இருபதாயிரம் ரூபாய் வரவு என்ற குறுஞ்செய்தி. அனுப்பியவர் இடத்தில் பத்து இலக்க எண். கடைசி ஐந்து இலக்கங்களை மறைத்துவிடவும்.)

குரல்: ஐயோ, ஒரு சைபர் கூடப் போட்டுட்டேன்ப்பா! ஆஸ்பத்திரிக்கு வச்சிருந்த பணம். பதினெட்டாயிரத்தை உடனே அனுப்பிடுங்கப்பா.

26–43 விநாடி

பெரியவரின் விரல் திரைக்கு மேலே நிற்கிறது. போனை வைக்கிறார். பிறகு கேமராவைப் பார்க்கிறார்.

பெரியவர்: பாவமா இருந்துச்சு. அனுப்பவும் போயிட்டேன். அப்புறம் பழைய புத்தி தடுத்துச்சு. போனை வச்சுட்டு, பேங்க் ஆப்பை நானே திறந்து பார்த்தேன். ஒத்த ரூபா ஏறல. வந்தது பணம் இல்லீங்க, வெறும் மெசேஜ்! பேங்க் மெசேஜ் செல் நம்பர்லேர்ந்து வராது.

"வெறும் மெசேஜ்" என்றதும் ஒரு நொடி மௌனம். திரையில் பெரிய எழுத்தில்: மெசேஜைப் பார்க்காதீர்கள். கணக்கைப் பாருங்கள்.

43–60 விநாடி

பெரியவர்: நெஜமாவே மாறி வந்திருந்தாலும், அவங்க பேங்க்ல போய்ச் சொல்லட்டும். நீங்க அனுப்பாதீங்க. அனுப்பிட்டீங்களா? புள்ளைங்க திட்டும்னு மறைக்காதீங்க. பணம் வேற கைக்கு மாறுறதுக்குள்ள சைபர் மோசடி புகார் நம்பரைக் கூப்பிடுங்க. ஒண்ணு, ஒன்பது, மூணு, பூஜ்யம்.

ஒவ்வொரு எண்ணாகத் திரையில் வர வேண்டும். 1930 முழுதாக வந்தபின் மூன்று நொடி அப்படியே நிற்கட்டும். எழுதிக்கொள்ள நேரம் வேண்டும்.

எடுப்பவருக்கு

கணக்கைப் பார்க்கும் காட்சியில் பின் நம்பர் அழுத்துவதைக் காட்டாதீர்கள். இருப்பைப் பார்க்கவும் யுபிஐ ஆப் பின் கேட்கும். அதனால்தான் "பணம் அனுப்ப மட்டும்தான் பின்" என்று வசனத்தில் சேர்க்கவில்லை. அது தவறான பாடமாகிவிடும். போனை வைத்தபிறகே ஆப்பைத் திறக்கிறார் என்பது பளிச்சென்று தெரிய வேண்டும். பேசிக்கொண்டே திறந்தால், எதிரில் இருப்பவன் எதை அழுத்தச் சொன்னாலும் கை அழுத்திவிடும்.

நேரம் 60 விநாடியை மிஞ்சினால் முதல் பகுதியில் வெட்டுங்கள். "புள்ளைங்க திட்டும்னு மறைக்காதீங்க" என்ற வரியில் மட்டும் கை வைக்காதீர்கள். பணம் போனதைவிட, "உனக்கு இது தெரியாதா?" என்ற கேள்விக்குப் பயந்து ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடப்பவர்களுக்காகவே இந்த வீடியோ.

வீடியோவுடன் அனுப்பும் செய்தி

அப்பா, அம்மாவுக்கு இதை அனுப்பிவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து, கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று அவர்களே பார்க்கும்வரை கற்றுக்கொடுங்கள். ஆப் வேண்டாம் என்பவர்களுக்கு, பாஸ்புக்கைப் பதிந்து வரவைப் பார்க்கச் சொல்லுங்கள்; வரவு இருந்தாலும் அவர்களே யாருக்கும் பணம் திருப்ப வேண்டியதில்லை என்று சொல்லுங்கள். 1930 என்ற எண்ணை அவர்கள் போனில் "பணம் போச்சு" என்ற பெயரில் சேமித்து வையுங்கள். இணையத்தில் புகார் செய்ய cybercrime.gov.in. பணம் போய்விட்டது என்று அவர்கள் உங்களிடம் சொன்னால், முதலில் 1930-ஐக் கூப்பிடுங்கள். எப்படி ஏமாந்தார்கள் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்.