சர்க்கரை இறங்கினால் உடனே செய்ய வேண்டியது

இன்று முதல் இன்சுலின் போடுகிறீர்கள், அதனால் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் கை நடுங்கும், திடீரென வேர்க்கும், நெஞ்சு படபடக்கும். வீட்டில் இருப்பவர்களே, அவர் காரணமில்லாமல் எரிந்து விழுந்தாலோ பேச்சு குழறினாலோ கோபம் என்று நினைத்துவிடாதீர்கள், உடனே சர்க்கரையைப் பாருங்கள். மீட்டர் கையில் இல்லையா, பரவாயில்லை, காத்திருக்காமல் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், அல்லது அரை டம்ளர் பழச்சாறு. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் அதே அளவு இன்னொரு முறை. அப்புறம் சாப்பாடு.

மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.