வேலை இழந்த நிலையில் வீட்டுக் கடன் தவணையைக் குறைத்து மறுசீரமைக்கக் கோரும் கடிதம்

நாள்: 12.11.2025
இடம்: அவிநாசி

அனுப்புநர்
க. செந்தில்குமார் (முதல் கடன்தாரர்)
செ. கவிதா (இணைக் கடன்தாரர்)
அவிநாசி, திருப்பூர் மாவட்டம் – 641654
(வீட்டு முகவரியும் கைபேசி எண்ணும் கடன் கணக்கில் பதிவாகியுள்ளவையே, மாற்றம் இல்லை.)

பெறுநர்
கிளை மேலாளர் அவர்கள்
வீட்டுக் கடன் பிரிவு
அவிநாசி கிளை

பொருள்: வேலை இழப்பு – வீட்டுக் கடன் மாதத் தவணையை 12 மாதங்களுக்கு ரூ.18,643இலிருந்து ரூ.13,500ஆகக் குறைத்து, அதன்பின் ரூ.17,842 வீதம் 2043 மார்ச்சுக்குள் கடனை முடிக்க அனுமதி கோருதல் – தொடர்பாக.

பார்வை: 4417 என முடியும் வீட்டுக் கடன் கணக்கு, 2023 மார்ச்சில் வழங்கப்பட்டது, தொகை ரூ.20,00,000, காலம் 240 மாதங்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

மேற்கண்ட கணக்கில் 2023 ஏப்ரல் முதல் இந்த மாதம் 10ஆம் தேதி வரை 32 தவணைகளைக் கட்டியுள்ளோம். ஒன்றுகூடத் தவறியதில்லை, தாமதக் கட்டணமும் விழுந்ததில்லை. இன்றைய தேதியில் நிலுவை எதுவும் இல்லை. தவணை தவறிய பிறகு வந்து நிற்பதைவிட, தவறும் முன்பே நிலைமையைச் சொல்லி வழி கேட்பதுதான் முறை என்று கருதி இக்கடிதத்தை எழுதுகிறோம்.

செந்தில்குமாராகிய நான் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் ஏழு ஆண்டுகளாக மெர்ச்சண்டைசராகப் பணியாற்றினேன். என் பிரிவின் வேலை முழுவதும் அமெரிக்க ஆர்டர்களை நம்பியிருந்தது. கடந்த ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கான அமெரிக்க இறக்குமதி வரி 50 சதவீதமாக உயர்ந்தபின் ஆர்டர்கள் நின்றன, பிரிவே மூடப்பட்டது. செப்டம்பர் 30 அன்று பணியிலிருந்து விடுவிக்கப்பட்டேன். பிடித்தம் போக மாதம் ரூ.42,300 கைக்கு வந்துகொண்டிருந்த சம்பளம் அத்துடன் நின்றுவிட்டது. அக்டோபர், நவம்பர் தவணைகளைக் கணக்கு முடித்துக் கொடுத்த பணத்திலிருந்து கட்டினோம்.

இப்போதைய வருமானம்: என் மனைவிக்குத் தனியார் பள்ளியில் ஆசிரியர் சம்பளம் ரூ.15,800. உள்ளூர் ஆர்டர் எடுக்கும் ஒரு யூனிட்டில் தரம் பார்க்கும் தற்காலிக வேலையில் எனக்கு ரூ.12,000. மொத்தம் ரூ.27,800. செலவு: மளிகை, பால், கேஸ், காய்கறி ரூ.7,600, இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் மாதக் கணக்கில் ரூ.2,300, அம்மாவின் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளுக்கு ரூ.1,350, மின்சாரம், போன், பெட்ரோல் ரூ.1,950. ஆக ரூ.13,200. மீதி ரூ.14,600. இதில் ரூ.13,500 தவணை போனால் ரூ.1,100 கையில் நிற்கும். இதற்கு மேல் ஒரு தொகையை எழுதிக் கொடுத்தால் மூன்றாம் மாதமே சொன்ன சொல் தவறும் என்பதால்தான் இந்த எண்ணில் நிற்கிறோம். வேறு கடனோ, கிரெடிட் கார்டு பாக்கியோ, நகைக் கடனோ எங்களுக்கு இல்லை.

இனி கணக்கு. இதைச் சற்றுப் பொறுமையாகப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். எங்கள் கோரிக்கையின் அடிப்படையே இதில்தான் இருக்கிறது.

கடன் தொடங்கியபோது ரெப்போ 6.50, அதன்மேல் 3.00 சேர்த்து வட்டி 9.50 சதவீதம், தவணை ரூ.18,643. இந்த ஆண்டு ரெப்போ இறங்கியதால் ஏப்ரல் 1 முதல் 9.25, ஜூலை 1 முதல் 8.50 என வட்டி குறைந்தது. ஆனால் தவணைத் தொகை குறையவில்லை. அதே தொகை பிடிக்கப்பட்டு, கடன் காலம் தானாகச் சுருங்கியிருக்கிறது. நவம்பர் 10 தவணையில் ரூ.13,416 வட்டிக்கும் ரூ.5,227 அசலுக்கும் போயுள்ளது. அதன்பின் அசல் பாக்கி ரூ.18,88,812. இதே தவணை தொடர்ந்தால் இன்னும் 180 மாதங்களில், 2040 நவம்பரில், கடன் முடியும். அனுமதிக் கடிதத்தின்படி இருக்க வேண்டிய மீதிக் காலமோ 208 மாதங்கள். கடைசித் தவணை 2043 மார்ச். அதாவது 28 மாதங்கள் முன்கூட்டியே முடிக்கும் வேகத்தில் இப்போது கட்டிக்கொண்டிருக்கிறோம். சம்பளம் இருந்தபோது அது நல்லதாகவே இருந்தது. இன்று எங்களுக்குத் தேவை அந்த 28 மாதங்களைத் திரும்பப் பெறுவதுதான்.

ஆகவே எங்கள் முன்மொழிவு இது.

முதல் கட்டம், 2025 டிசம்பர் முதல் 2026 நவம்பர் வரை 12 மாதங்கள்: மாதம் ரூ.13,500. இன்றைய அசலுக்கு 8.50 சதவீதத்தில் ஒரு மாத வட்டி ரூ.13,379. எனவே வட்டி முழுவதும் மாதாமாதம் கட்டப்பட்டுவிடும். கட்டாத வட்டி அசலில் ஏறும் நிலை வராது. ரூ.13,000 என்று கேட்டிருந்தால் எங்களுக்கு இன்னும் எளிது, ஆனால் அசல் வளரத் தொடங்கும்; அதை நாங்களே விரும்பவில்லை. இடையில் ரெப்போ 0.25 உயர்ந்தால் மாத வட்டி ரூ.13,773 ஆகும், அப்போது தவணையை ரூ.13,800ஆக உயர்த்திக்கொள்ளச் சம்மதிக்கிறோம். ரெப்போ இறங்கினால் ரூ.13,500 அப்படியே இருக்கட்டும். கூடுதல் பணம் அசலில் கழியட்டும்.

இரண்டாம் கட்டம், 2026 டிசம்பர் முதல் 2043 மார்ச் வரை 196 மாதங்கள்: முதல் கட்ட முடிவில் அசல் ஏறத்தாழ ரூ.18,87,303 இருக்கும். அதற்கு இன்றைய வட்டியில் மாதத் தவணை ரூ.17,842.

இதில் அனுமதிக்கப்பட்ட 240 மாதங்களைவிட ஒரு மாதம்கூடக் கூடுதலாகக் கேட்கவில்லை. வட்டித் தள்ளுபடியோ வட்டி விகிதக் குறைப்போ கேட்கவில்லை. கடனோடு எடுத்த 20 ஆண்டு ஆயுள் காப்பீடும் 2043 வரை உள்ளதால் காப்பீட்டில் இடைவெளி விழாது. கடன் முடியும்போது எனக்கு வயது 56. அடமானத்தில் உள்ள வீட்டை, கடன் தரும்போது தங்கள் மதிப்பீட்டாளர் ரூ.31,00,000 என மதிப்பிட்டார். அந்த மதிப்பில் பார்த்தாலும் பாக்கி 61 சதவீதத்துக்குள் அடங்கும்.

இப்போதைய வேகத்தில் கட்டுவதோடு ஒப்பிட்டால், இந்த ஏற்பாட்டால் சுமார் ரூ.3,19,000 கூடுதல் வட்டி எங்கள் தலையில் விழும் என்பதை அறிந்தே கேட்கிறோம். மாறும் வட்டியில் உள்ள தனிநபர் கடனுக்கு முன்கூட்டிச் செலுத்தும் கட்டணம் இல்லை என்பதால், நிலைமை சீரானதும் அசலில் கூடுதலாகக் கட்டி அதைக் குறைத்துக்கொள்வோம்.

மாதம் ரூ.38,000க்குக் குறையாத நிரந்தர வேலை அந்த 12 மாதங்கள் முடியும் முன்பே கிடைத்தால், சேர்ந்த 30 நாட்களுக்குள் தங்களுக்குத் தெரிவித்து, அடுத்த மாதமே இரண்டாம் கட்டத் தவணைக்கு மாறிவிடுகிறோம். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை இருவரின் வருமான விவரத்தையும் கிளையில் தருகிறோம்.

வருங்கால வைப்பு நிதியை எடுத்துத் தவணை கட்டலாமே என்ற கேள்வி எழலாம். அதில் இருப்பது ரூ.2,86,000. பழைய தவணைக்கு அது 15 மாதம் தாங்கும். அதற்குப் பின் வேலையும் இல்லை, சேமிப்பும் இல்லை என்றாகிவிடும். பணிக்கொடையாக வந்த ரூ.92,885இலிருந்து மூன்று மாதத் தவணைக்கு ஈடான ரூ.40,500ஐ தங்கள் கிளையில் வைப்புத் தொகையாகப் போட்டு, கடனுக்கு ஈடாக எழுதிக் கொடுக்கத் தயாராக இருக்கிறோம். தற்காலிக வேலையில் ஒரு மாதம் கூலி தள்ளிப்போனால் தவணை தவறாமல் இருக்க இதுவே எங்களால் தர முடிந்த உறுதி.

12 மாத முதல் கட்டம் தங்கள் அதிகார வரம்பில் இல்லையென்றால், 6 மாதங்களுக்கு ரூ.13,500, பின்னர் 2026 ஜூன் முதல் 202 மாதங்களுக்கு ரூ.17,605 என்ற ஏற்பாட்டையாவது பரிசீலியுங்கள். 2043 மார்ச் வரைக்குமாகத் தவணையை மறுகணக்கிட்டு இப்போதே ரூ.17,384ஆக மாற்றுவது மட்டும் போதாது. செலவு போக எங்கள் மாத மீதி ரூ.14,600தான்.

இரண்டு விஷயங்களில் தங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறோம். ஒன்று, கணக்கின் வகைப்பாடு. நிதி நெருக்கடியில் இருப்பவருக்குத் தரும் சலுகை மறுசீரமைப்பாகக் கருதப்படலாம் என்பதும், அது கணக்கின் தரத்தையும் சிபில் அறிக்கையையும் பாதிக்கலாம் என்பதும் தெரியும். அனுமதித்த காலத்துக்குள்ளேயே தவணையை மாற்றியமைக்கும் இந்தக் கோரிக்கை அப்படிக் கருதப்படுமா, கடன் தகவல் நிறுவனங்களுக்கு என்னவென்று தெரிவிக்கப்படும் என்பதைத் துணை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே சொல்லிவிடுங்கள். இரண்டு, கட்டணங்கள். பரிசீலனைக் கட்டணம், முத்திரைச் செலவு எவ்வளவு என்று தெரிவித்தால் கட்டிவிடுகிறோம். அதை அசலில் சேர்க்க வேண்டாம்.

தானியங்கிப் பிடித்தம் பற்றி ஒரு வேண்டுகோள். எங்கள் சம்பளக் கணக்கு வேறு வங்கியில் இருப்பதால், ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி நாச் வழியாக ரூ.18,643 கேட்கப்படுகிறது. டிசம்பர் 10 அன்று அதே தொகை கேட்கப்பட்டு, கணக்கில் ரூ.13,500 மட்டும் இருந்தால், உள்ள பணத்தைக்கூட எடுக்காமல் முழுவதுமாகத் திரும்பிவிடும். இரு வங்கிகளிலும் திரும்பியதற்கான கட்டணம் விழும், தண்டக் கட்டணமும் சேரும், பணம் இருந்தும் தவணை தவறியதாகப் பதிவாகும். அதனால் நவம்பர் 28க்குள் முடிவைத் தெரிவித்து, பிடித்தத் தொகையை மாற்ற வேண்டுகிறோம். புதிய ஆணைப் படிவம் தேவையென்றால் உடனே வந்து கையெழுத்திடுகிறோம். அதற்குள் முடிவு வராவிட்டால், டிசம்பர் மாதப் பிடித்தத்தை மட்டும் நிறுத்திவைக்கவும். டிசம்பர் 8 அன்றே ரூ.13,500ஐக் கடன் கணக்கில் நேரடியாகச் செலுத்தி, ரசீதின் நகலைக் கிளையில் தருகிறோம். மீதி ரூ.5,143 பாக்கியாக நிற்கும் என்பது தெரியும். முடிவு வரும்வரை அதைத் தனியே குறித்துவைக்கக் கோருகிறோம்.

பணி விடுவிப்புக் கடிதம், கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டுகள், இருவரின் வங்கிக் கணக்குகளின் ஆறு மாத விவரம், மனைவியின் சம்பளச் சான்று, தற்காலிக வேலைக்கான சான்று, பள்ளிக் கட்டண ரசீதுகள், மருந்துச் சீட்டுகள், இரு கட்டங்களுக்குமான மாதவாரித் தவணை அட்டவணை, ஆதார், பான் நகல்கள் ஆகியவற்றை இருவரும் கையெழுத்திட்டு இணைத்துள்ளோம். நேரில் பேச வேண்டுமென்றால் மாலை 4 மணிக்கு மேல் எந்த வேலை நாளிலும் இருவரும் வருகிறோம். மனைவிக்குப் பள்ளி அந்நேரம்தான் முடிகிறது.

இக்கடிதத்தின் இரண்டாம் பிரதியில் பெற்றுக்கொண்ட தேதியுடன் கிளை முத்திரையிட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

க. செந்தில்குமார்
செ. கவிதா